முழங்கால் மடிப்பில் திடீர் வீக்கம்: ஸ்கேன் பார்க்கும்வரை காலை உருவாதீர்கள்

இந்த மாதத்தில் இது மூன்றாவது கால். மூவருமே அறுபதைக் கடந்தவர்கள், பல ஆண்டுகளாக மூட்டுத் தேய்மானத்துடன் வாழ்பவர்கள். மூவரும் என்னிடம் வருவதற்கு முன் எண்ணெய் காய்ச்சித் தேய்த்து, கெண்டைக்காலைக் கீழிருந்து மேலாக அழுத்தி உருவிவிட்டே வந்தார்கள். முதல் இருவருக்கு நல்ல காலம் இருந்தது. மூன்றாமவரைப் பார்த்த அன்றிரவுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

அவருக்கு 63 வயது. இடது முழங்காலில் ஆறு ஆண்டுகளாகத் தேய்மானம். இரண்டு ஆண்டுகளுக்கு முன் மடிப்பில் ஒரு புடைப்பு தெரிந்தபோது எடுத்த ஸ்கேனில் ‘பேக்கர் நீர்க்கட்டி’ என்று எழுதியிருந்தார்கள். அந்தத் தாளை மடித்துக் கைப்பையில் வைத்திருந்தார். காசிக்கு ரயிலில் போய்த் திரும்பிய மறுநாள் முழங்காலின் பின்புறம் வலித்தது, மாலையில் வீங்கியது. “பழைய கட்டிதான் டாக்டர், ரிப்போர்ட்லயே போட்டிருக்கே” என்றார். அந்த ஒரு வரியை நம்பி ஒன்பது நாள் கழித்துவிட்டார். தொடையும் வீங்கி, வேட்டி கட்டவே சிரமமானபின்தான் மகன் வற்புறுத்தி அழைத்து வந்திருக்கிறார்.

முழங்காலுக்குக் கீழே முன்புறம் தட்டுப்படும் எலும்பு மேட்டிலிருந்து 10 செ.மீ. கீழே இன்ச் டேப் வைத்து இரு கால்களையும் அளந்தேன். வலது கால் 34 செ.மீ., இடது கால் 38 செ.மீ. விரலால் அழுத்தினால் குழி விழுந்தது. உள்தொடை வழியாக ஆழ்சிரை ஓடும் பாதையில் தொட்டால் வலித்தது. காலில் ரத்தம் உறைந்திருக்கும் வாய்ப்பைக் கணிக்க நாங்கள் பயன்படுத்தும் வெல்ஸ் மதிப்பெண்ணில் இவை ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி, கால் முழுவதும் வீங்கியிருப்பதற்கு இன்னொரு புள்ளி, ஆக நான்கு. ஆனால் வேறொரு காரணமும் அதே அளவுக்குப் பொருந்துமானால் இரண்டைக் கழிக்கச் சொல்கிறது அந்தப் பட்டியல். ஏற்கெனவே நீர்க்கட்டி உள்ளவரிடம் மருத்துவர்களாகிய நாங்கள் சறுக்குவதும் அந்தக் கழித்தலில்தான். கழித்தபிறகும் அவருக்கு இரண்டு மிஞ்சியது. இரண்டோ அதற்கு மேலோ இருந்தால் உறைவு இருக்க வாய்ப்பு அதிகம் என்று எடுத்துக்கொண்டு ஸ்கேனுக்கு அனுப்ப வேண்டும்.

டாப்ளர் ஸ்கேனில் அவருடைய நீர்க்கட்டி இருந்த இடத்திலேயே, உடையாமல் இருந்தது. அதை ஒட்டி ஓடும் சிரையைக் கருவியால் அழுத்தினால் அது தட்டையாகிவிட வேண்டும், ஆனால் ஆகவில்லை. முழங்கால் மடிப்பிலிருந்து தொடையின் நடுப்பகுதிவரை உள்ளே ரத்தம் உறைந்து அடைத்திருந்தது. கட்டி சிரையை நெருக்கிக்கொண்டிருந்தது, அதன்மேல் நீண்ட நேரம் காலை மடக்கி உட்கார்ந்த ரயில் பயணம் சேர்ந்தது. அவர் எண்ணியதுபோல் நீர்க்கட்டி இருந்தது உண்மை. ஆனால் கட்டி இருப்பதால் உறைவு இருக்காது என்று எந்த உடலும் உறுதி தருவதில்லை. இரண்டும் ஒரே காலில் ஒரே நேரத்தில் இருக்கலாம், முன்னது பின்னதற்கு வழியும் விடலாம்.

அந்தக் கட்டி எங்கிருந்து வருகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தேய்ந்த மூட்டு எரிச்சலுற்று வழக்கத்தைவிட அதிகமாக நீர் சுரக்கிறது. அந்த நீர் முழங்காலின் பின்புறத்தில், உட்பக்கமாக உள்ள ஒரு பையில் போய்ச் சேர்கிறது. நேராக நின்றால் அது கெட்டியாகவும், முழங்காலைச் சற்று மடக்கினால் இளகியும் இருக்கும். பல மாதங்கள் தொந்தரவில்லாமல் கிடந்துவிட்டு, ஒருநாள் தரையிலிருந்து எழும்போதோ படியிறங்கும்போதோ உடைந்துவிடும். உடைந்தவர்கள் பலரும் கெண்டைக்காலுக்குள் வெந்நீர் இறங்கியதுபோல் இருந்தது என்கிறார்கள். சில நாட்களில் கணுக்காலின் உட்பக்க எலும்புக்குக் கீழே பிறை வடிவில் நீலம் பாரிக்கலாம். அப்படித் தெரிந்தால் கட்டி உடைந்திருக்கிறது என்பதற்கு அது நல்ல தடயம். ஆனால் அது எல்லோருக்கும் தெரிவதில்லை, தெரியும்போது பெரும்பாலும் முக்கியமான முதல் இரண்டு நாட்கள் கடந்திருக்கும். உடைந்த கட்டியால் வரும் வீக்கம், சூடு, சிவப்பு, வலி எல்லாமே உறைவாலும் வரும். பாதத்தை மேல்நோக்கி மடக்கி, வலிக்கிறதா என்று பார்த்து முடிவு சொல்பவர்களை நம்பாதீர்கள். அந்தச் சோதனை இரண்டிலும் வலிக்கும், சில வேளைகளில் உறைவு இருந்தும் வலிக்காது.

என்னை மிகவும் சோர்வடையச் செய்வது ஒரு சொல். “காலில் ரத்தம் கட்டியிருக்கிறது” என்று நான் சொன்னால் கேட்பவர் மனத்தில் எழுவது கதவிடுக்கில் நசுங்கிய விரல், பந்துபட்டுக் கன்றிய தொடை. அடிபட்ட இடத்தில் தோலுக்கடியில் கசிந்த ரத்தத்தைத்தான் நம் வீடுகளில் காலங்காலமாக ரத்தக்கட்டு என்கிறோம். அதற்குப் புளியும் உப்பும் கரைத்துக் காய்ச்சிப் பற்றுப் போட்டு, இரண்டு நாள் கழித்து உருவிவிட்டால் கரையும் என்பது பாட்டி சொன்ன பாடம். கன்றிப்போன தொடைக்கு அந்தப் பாடத்தால் பெரிய கேடு வராமல் போகலாம். ஆனால் நான் சொல்லும் உறைவு ரத்தக்குழாய்க்கு உள்ளே இருக்கிறது. இதயத்துக்குத் திரும்பிக்கொண்டிருக்கும் ரத்தத்தின் பாதையில், குழாயின் சுவரில் பாதி ஒட்டியும் பாதி ஒட்டாமலும் தொங்கிக்கொண்டிருக்கிறது. அதை வெளியிலிருந்து தேய்த்துக் கரைக்க முடியாது. ஒரு துண்டு பிய்ந்தால் இதயத்தின் வலப்பக்கம் வழியாக நுரையீரலுக்குப் போய் அடைத்துக்கொள்ளும். கெண்டைக்காலைக் கீழிருந்து மேலாக அழுத்தி உருவுவது அந்தத் துண்டை அது போகக்கூடாத திசையில் தள்ளிவிடுவதாகும். ஆகவே இப்போதெல்லாம் நோயாளிகளிடம் ரத்தக்கட்டு என்ற சொல்லையே நான் பயன்படுத்துவதில்லை. “குழாய்க்குள் அடைப்பு” என்கிறேன். அடைப்பு என்றால் யாரும் எண்ணெய் தேடுவதில்லை, உடனே பதறிவிடுகிறார்கள். இந்த இடத்தில் பதறுவது நல்லதே.

நரம்பு சுருண்டுகொண்டது என்பவர்களுக்கும் இதே பதில்தான். நரம்பு அப்படிச் சுருள்வதில்லை.

அடுத்த தவறு என் சக மருத்துவர்கள் சிலரிடம் இருக்கிறது. முதலில் சொன்ன மூவரில் ஒரு அம்மாவுக்குக் கட்டிதான் உடைந்திருந்தது. ஆனால் வேறொரு இடத்தில் ஸ்கேன் எடுக்காமலேயே, எதற்கும் இருக்கட்டும் என்று ரத்தம் உறையாமல் தடுக்கும் ஊசியைத் தொடங்கி, மூன்று நாள் போட்டிருந்தார்கள். ஏற்கெனவே கிழிந்த இடத்தில் ரத்தம் கசிந்து கெண்டைக்கால் பலகைபோல் விறைத்துக்கொண்டிருந்தது. ஊசியை நிறுத்தியதும் மெல்ல வடிந்தது, தசைக்குள் அழுத்தம் ஏறி அறுவை சிகிச்சைவரை போகாமல் தப்பினார். ஸ்கேன் கிடைக்கப் பல மணி நேரம் ஆகும், உறைவுக்கான வாய்ப்பும் அதிகம் என்றால் முதல் ஊசியைப் போட்டு அனுப்புவதில் தவறில்லை. ஸ்கேனே எடுக்காமல் நாள்கணக்கில் தொடர்வதுதான் தவறு.

டி-டைமர் ரத்தப் பரிசோதனையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வாய்ப்பு குறைவு என்று கணித்தவரிடம் அது இயல்பாக இருந்தால் உறைவு இல்லை என்று பெரும்பாலும் நிம்மதியாகச் சொல்லலாம். உயர்ந்திருந்தால் எதுவும் சொல்ல முடியாது, ஏனென்றால் வயது கூடினாலும், உடலில் அழற்சி இருந்தாலும் அது உயரும். அந்தத் தாளை மட்டும் வைத்துக்கொண்டு நோயாளிக்கு உறைவு என்று பெயர் சூட்டாதீர்கள்.

ஸ்கேனுக்கு எழுதித் தரும் சீட்டில் முழங்கால் வீக்கம் என்று மட்டும் இருந்தால், பார்ப்பவர் மடிப்பில் கட்டியைக் கண்டதும் தேடலை முடித்துக்கொள்ளக்கூடும். கட்டியையும், தொடையிலிருந்து கெண்டைவரை உள்ள சிரைகளையும் சேர்த்துப் பார்க்கும்படி எழுதச் சொல்லிக் கேளுங்கள், கேட்பதில் கூச்சம் வேண்டாம். முதல் ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்று வந்தபிறகும் வீக்கம் கூடிக்கொண்டே போனால் ஒரு வாரத்துக்குள் மறுபடி பார்க்க வேண்டும், ஏனென்றால் கெண்டைக்காலின் சிறிய குழாய்களில் தொடங்கும் உறைவு முதல்முறை கண்ணில் படாமல், பிறகு மேலே ஏறலாம்.

இனிச் செய்ய வேண்டியவை. மூட்டுத் தேய்மானம் உள்ளவருக்கு ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தால், பழைய ரிப்போர்ட் என்ன சொன்னாலும், அன்றைக்கே காட்டுங்கள். அதுவரை உருவாதீர்கள், ஒத்தடம் கொடுக்காதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள், புடைப்பில் ஊசி குத்தி நீர் எடுக்கச் சொல்லி யாரையும் வற்புறுத்தாதீர்கள். மடிப்பில் துடிக்கும் புடைப்பு தமனியின் வீக்கமாகவும் இருக்கலாம், அதில் ஊசி பட்டால் என்ன ஆகும் என்று நான் விவரிக்க விரும்பவில்லை. சமீபத்தில் அறுவை சிகிச்சை, நெடும்பயணம், படுத்த படுக்கை, புற்றுநோய், முன்பு ஒருமுறை உறைவு ஆகியவற்றில் எது இருந்தாலும் நாங்கள் கேட்பதற்கு முன் நீங்களே சொல்லுங்கள். மூச்சுத் திணறலோ, மூச்சை இழுக்கும்போது நெஞ்சு வலியோ, சளியில் ரத்தமோ சேர்ந்தால் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். கெண்டைக்கால் கல்போல் இறுகி, கால்விரலை அசைத்தாலே உயிர்போவதுபோல் வலித்தாலும் அப்படியே.

கட்டி மட்டும் உடைந்தது என்று உறுதியானால் ஓய்வு, காலை உயர்த்தி வைத்தல், ஐஸ் ஒத்தடம், பாரசிட்டமால் ஆகியவற்றிலேயே சில வாரங்களில் பெரும்பாலும் அடங்கிவிடும். கட்டியைத் திரும்பத் திரும்ப உறிஞ்சினாலும் மூட்டு நீர் சுரக்கும்வரை அது மறுபடி நிரம்பும், ஆகவே மூட்டைத்தான் கவனிக்க வேண்டும்.

காசி போய் வந்தவருக்கு ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை தொடங்கியிருக்கிறோம், குறைந்தது மூன்று மாதம் சாப்பிட வேண்டும். மூட்டு வலிக்காகத் தினமும் மருந்துக்கடையில் வாங்கிப் போட்டுவந்த வலிமாத்திரையை நிறுத்தச் சொன்னேன், இரண்டும் சேர்ந்தால் வயிற்றில் ரத்தக் கசிவு வரலாம். “அப்ப மூட்டு வலிக்கு என்னதான் செய்யறது?” என்று சற்றுக் கோபமாகவே கேட்டார். பாரசிட்டமால் எழுதிக் கொடுத்தேன், முகம் சுளித்து வாங்கிக்கொண்டார். அந்தப் பழைய ரிப்போர்ட்டின் பின்பக்கத்தில் புதிய ஸ்கேனின் முடிவையும் தேதியையும் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.