கிறவல் என்று இறக்குகிற மண் எந்த வகுப்பு? மண் வகைப்படுத்தல் விதியும் ஒரு மாதிரிக் கணக்கும்

மட்டக்களப்பின் படுவான்கரையில் ஓர் உள்வீதிக்குக் கிறவல் போடும்போது, டிப்பரில் வந்த மண்ணின் நிறத்தைப் பார்த்தே பலர் தலையாட்டிவிடுகிறார்கள். செம்மஞ்சளாக இருக்கிறது, கையில் கல் தட்டுப்படுகிறது, போதும் என்று விட்டுவிடுகிறார்கள். அதே நிறத்தில் வரும் இரண்டு லோட்டில் ஒன்று மாரியைத் தாங்கி நிற்கும், மற்றது டிசம்பரில் சைக்கிள் சில்லு புதையும் சேறாகிவிடும். கல்லோடு கலந்திருக்கும் நுண்மண் எவ்வளவு, அது எப்படிப்பட்டது என்பதில்தான் இந்த வித்தியாசம் இருக்கிறது. மண் வகைப்படுத்தல் விதி கேட்பதும் இந்த இரண்டு கேள்விகளைத்தான்.

இங்கே விளக்குவது ஒருங்கிணைந்த மண் வகைப்படுத்தல் முறை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் விமான ஓடுபாதை வேலைகளுக்காக மண் பொறியியலாளர் ஆதர் கசகிராண்டே வகுத்ததிலிருந்து வளர்ந்தது. இன்று ஏ.எஸ்.டி.எம். டி 2487 என்ற அமெரிக்க நியமமாக இருக்கிறது. ஆய்வுகூட அறிக்கையில் GC, SC, CL என்று இரண்டெழுத்துக் குறியீடு இருந்தால் அது இந்த முறைப்படி தந்த பெயர்.

முதலில் மாதிரி எடுப்பது. குவியலின் அடியில் அள்ளக்கூடாது. மண்ணைக் கொட்டும்போது பெரிய கல் உருண்டு அடிவாரத்துக்கு வந்துவிடும், அங்கே அள்ளினால் உள்ளதைவிடக் கல் கூடுதலாகத் தெரியும். குவியலின் பல இடங்களில் வெட்டி எடுத்து, ஒன்றாகக் கலந்து தட்டையாகப் பரப்பி, நான்காகப் பிரித்து எதிரெதிர் இரண்டு பங்கை வைத்துக்கொண்டு மற்றதை ஒதுக்க வேண்டும். தேவையான அளவு வரும்வரை இப்படியே செய்யலாம். மிகப் பெரிய கல் 20 மில்லிமீற்றர் என்றால் உலர்ந்த நிலையில் 2 கிலோ மண் அரிப்புக்குப் போதும்.

அடுத்தது அரிப்பு. பெயரைத் தீர்மானிக்க இரண்டு அரிதட்டுகள் முக்கியம். 4.75 மி.மீ. தட்டில் தங்குவது சரளை. அதைத் தாண்டி 0.075 மி.மீ. தட்டில் தங்குவது மணல். அதையும் கடந்து போவது நுண்மண், அதாவது வண்டலும் களியும்.

நம் பகுதிக் கிறவலில் பிழை அதிகம் நடப்பது இந்தக் கட்டத்தில்தான். களி, கல்லைச் சுற்றிப் பூச்சாக ஒட்டியிருக்கும். காய்ந்த மண்ணை அப்படியே அரித்தால் அந்தப் பூச்சு கல்லோடு சேர்ந்து மேல் தட்டிலேயே நின்றுவிடும், களிக் கட்டிகளும் மணலாகக் கணக்கில் சேர்ந்துவிடும். அதனால் மண்ணின் நிறையைப் பார்த்த பிறகு தண்ணீரில் ஊறவைத்து, 0.075 தட்டின் மேல் ஊற்றிக் கீழே வரும் தண்ணீர் தெளியும்வரை கழுவ வேண்டும். தங்கியதைக் காயவைத்துத்தான் அரிக்க வேண்டும். குறைந்த நிறை, கழுவிப் போன நுண்மண்ணின் நிறை.

இப்போது ஒரு கணக்கு. எண்கள் விளக்கத்துக்காக எடுத்தவை.

உலர் நிறை 2000 கிராம். கழுவி அரித்தபின் 4.75 தட்டில் 820 கிராம், 0.075 தட்டில் 560 கிராம் தங்கியது. மீதி 620 கிராம் நுண்மண். அது மொத்தத்தில் 31 வீதம். பாதிக்கும் குறைவு என்பதால் இது பரும்படி மண். பரும்படிப் பங்கு 820 + 560 = 1380 கிராம். அதில் சரளை 820, அதாவது 59 வீதம். பாதிக்கு மேல் சரளை என்பதால் முதலெழுத்து G. மணல் கூடியிருந்தால் S வந்திருக்கும்.

நுண்மண் 12 வீதத்தைத் தாண்டியதால் இரண்டாம் எழுத்தை அதன் நெகிழ்வுதான், அதாவது ஈரத்தில் குழையும் தன்மைதான், தீர்மானிக்கும். 5 வீதத்துக்குக் குறைவென்றால் நெகிழ்வுச் சோதனையே வேண்டாம், பருமன்கள் எப்படிக் கலந்திருக்கின்றன என்று மட்டும் பார்த்தால் போதும். எழுவான்கரைக் கடற்கரை மணல் பெரும்பாலும் அந்த வகை. 5க்கும் 12க்கும் இடையில் இரட்டைக் குறியீடு வரும்.

நெகிழ்வுச் சோதனைக்கு 0.425 மி.மீ. தட்டைக் கடந்த மண்ணை எடுக்க வேண்டும். காற்றில் உலர்த்துவதே நல்லது. ஓவன் சூட்டில் சில களிகளின் குணம் மாறி, நெகிழ்வு உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும். மண்ணைத் தண்ணீரில் குழைத்துப் பித்தளைக் கிண்ணத்தில் பரப்பி, நடுவில் தவாளிப்புக் கீறி, கைப்பிடியைச் செக்கனுக்கு இரண்டு சுற்றாகச் சுற்ற வேண்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் கிண்ணம் உயர்ந்து விழுந்து ஒருமுறை தட்டும். கீறல் 13 மி.மீ. நீளத்துக்கு மூடும்வரை எத்தனை தட்டு என்று எண்ண வேண்டும். 25 தட்டில் மூடும் ஈரப்பதன்தான் திரவ எல்லை. சரியாக 25 வருவது அரிது, ஆகவே வெவ்வேறு ஈரத்தில் மூன்று முறை செய்கிறோம். நம் மாதிரியில் 33 தட்டுக்கு 36.4 வீதம், 26க்கு 37.8, 18க்கு 39.9. மடக்கைத் தாளில் கோடு போட்டால் 25க்கு 38 கிடைக்கும்.

கிண்ணம் விழும் உயரம் 10 மி.மீ. இருக்க வேண்டும். தொடங்குமுன் அளந்து பாருங்கள். உயரம் கூடினால் குறைந்த தட்டிலேயே கீறல் மூடிவிடும், திரவ எல்லை உண்மையைவிடக் குறைவாக வரும், கெட்ட மண்ணும் நல்ல மண்ணாகத் தோன்றும்.

நெகிழ்வு எல்லைக்கு மண்ணைக் கண்ணாடித் தட்டில் கையால் உருட்டித் திரியாக்க வேண்டும். 3.2 மி.மீ. தடிப்பில் திரி உதிரத் தொடங்கும் ஈரப்பதனே அந்த எல்லை. நம் மாதிரிக்கு 21. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், 38 − 21 = 17, நெகிழ்வுச் சுட்டெண்.

களியா வண்டலா என்று பிரிக்க ஒரு கோடு உண்டு:

0.73 × (திரவ எல்லை − 20)

நமக்கு 0.73 × 18 = 13.1. சுட்டெண் 17 அதைவிட அதிகம், களி என்று சொல்ல வேண்டிய 7ஐயும் தாண்டியிருக்கிறது. எனவே நுண்மண் களி, குறியீடு GC. மணலும் 15 வீதத்துக்கு மேல் (28) இருப்பதால் முழுப் பெயர் 'மணல் கலந்த களிச் சரளை'.

இதே மண்ணைக் கழுவாமல் அரித்து, 160 கிராம் மட்டும் கடந்திருந்தால் நுண்மண் 8 வீதம் என்று எழுதப்பட்டிருக்கும். பருமன்கள் சரியாகக் கலக்காததைச் சொல்லும் P சேர்ந்து குறியீடு GP-GC போல ஒன்றாக மாறி, தண்ணீர் ஓரளவு வடியும் சரளையென்று நினைத்து வாங்கியிருப்போம். உண்மையில் மூன்றில் ஒரு பங்குக்குக் கிட்ட நுண்மண். அறிக்கை கையில் வந்தால் கழுவி அரித்ததா என்று முதலில் கேளுங்கள். தட்டில் நின்ற கல்லை ஈர விரலால் தேய்த்தாலே தெரியும், விரலில் சிவப்புச் சேறு பிடித்தால் கழுவியது போதாது.

சுட்டெண்ணை மட்டும் வைத்தும் மண்ணை எடைபோடக்கூடாது. அது 0.425க்குக் கீழான பங்கில் மட்டும் அளந்தது. சுட்டெண் 17 உள்ள களி 6 வீதம் இருந்தால் கல்லைப் பிடித்து வைக்கும், 31 வீதம் இருந்தால் மழையில் வழுக்கும். குறியீடும் மண்ணின் வகையைத்தான் சொல்லும். இறுக்கிய பின் அது எவ்வளவு சுமை தாங்கும் என்பதற்கு இறுக்கற் சோதனையும் சி.பி.ஆர். சோதனையும் வேறாக வேண்டும். ஒப்பந்தத்தில் எழுதியுள்ள எல்லைகளோடு எல்லா எண்களையும் ஒப்பிட வேண்டும்.

வீதி வேலையில் ஆஷ்டோ என்ற இன்னொரு முறையும் பாவனையில் உண்டு. அதில் நம் மாதிரிக்கு A-2-6 என்று வரும்: நுண்மண் 35 வீதத்துக்கு மேற்படவில்லை, திரவ எல்லை 40க்கு மேற்படவில்லை, சுட்டெண் 11ஐத் தாண்டியுள்ளது. பிரித்தானிய நியமத்தில் சரளைக்கும் மணலுக்கும் எல்லை 2 மி.மீ., நுண்மண்ணுக்கு 0.063. ஆகவே இரண்டு அறிக்கைகளை ஒப்பிடும்போது அவை எந்த முறையில், எந்தத் தட்டில் செய்யப்பட்டவை என்பது ஒத்துப்போகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். ஒரே குழியில் ஆழம் போகப் போக மண் மாறும் என்பதால், எந்த ஆழத்தில் எடுத்த மாதிரி என்பதும் அறிக்கையில் இருக்க வேண்டும்.