ஆன்யுட்டி பென்ஷனுக்கு உயிர்வாழ் சான்று: நவம்பரில் கொடுத்தது போதாது

எங்கள் தெருவில் ஒரு பெரியவர். மில்லில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு இரண்டு பென்ஷன். ஒன்று பி.எஃப். அலுவலகம் தரும் இ.பி.எஸ். இன்னொன்று, ஓய்வு பெறும்போது கம்பெனி கொடுத்த பணத்தில் ஒரு காப்பீட்டு நிறுவனத்திடம் வாங்கிய ஆன்யுட்டி, மாதம் 2,460 ரூபாய். இரண்டும் ஒரே வங்கிக் கணக்கில்தான் விழும்.

நவம்பரில் தபால்காரர் வீட்டுக்கே வந்து உயிர்வாழ் சான்றுக்காக விரல் ரேகை வாங்கிப்போனார். டிஜிட்டல் உயிர்வாழ் சான்றான ஜீவன் பிரமாணின் எண்ணும் எஸ்.எம்.எஸ்.ஸில் வந்தது. வேலை முடிந்தது என்று பெரியவர் இருந்துவிட்டார். பிப்ரவரியில் ஆன்யுட்டி நின்றது. பாஸ்புக் பதிய ஏப்ரலில் போனபோதுதான் அவருக்கே தெரிந்தது.

வங்கியில் கேட்டால், "நாங்க நிறுத்தல சார், அனுப்புனவங்களக் கேளுங்க" என்றார்கள். உண்மைதான். ஆன்யுட்டியைப் பொறுத்தவரை வங்கி வெறும் தபால் பெட்டி. காப்பீட்டு அலுவலகத்திலோ "சிஸ்டத்துல உங்க சர்டிபிகேட் இல்ல" என்றார்கள். ஆள் எதிரில் உட்கார்ந்திருக்கிறார், ஆனால் சிஸ்டத்தில் உயிரோடு இல்லை! அன்று படிவம் தீர்ந்துவிட்டது என்று திருப்பி அனுப்பினார்கள். அடுத்த முறை போனபோது இனிஷியல் பிரச்சினை. பாலிசியில் பெயருக்கு முன்னால், ஆதாரில் பின்னால். மூன்றாவது நடையில்தான் வாங்கிக்கொண்டார்கள்.

தபால்காரர் பதிந்தது இ.பி.எஸ். பென்ஷனுக்கு மட்டும். ஜீவன் பிரமாணில் பதியும்போது எந்தப் பென்ஷன், யார் வழங்குகிறார்கள் என்று தேர்ந்தெடுக்க வேண்டும். தேர்ந்தெடுத்த இடத்துக்குத்தான் சான்று போகும். இரண்டு பென்ஷன் என்றால் இரண்டு பதிவு. எஸ்.எம்.எஸ். வந்தால் சான்று உருவானது என்று அர்த்தம், பணம் தருபவர் அதை ஏற்றுக்கொண்டார் என்று அர்த்தமில்லை.

தேசிய ஓய்வூதியத் திட்டமான என்.பி.எஸ்.ஸில் இருந்தவர்களும் இங்கேதான் தடுமாறுகிறார்கள். ஆன்யுட்டி வாங்கிய பிறகு மாதாமாதம் பணம் தருவது அந்தக் காப்பீட்டு நிறுவனம். சான்று அங்கேதான் போக வேண்டும். யார் தருகிறார்கள் என்று குழப்பமாக இருந்தால் பாலிசி பத்திரத்தைப் பாருங்கள், அல்லது பாஸ்புக்கில் அந்த வரவுக்கு நேரே யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள்.

அடுத்தது தேதி. நவம்பர் என்பது அரசு ஓய்வூதியர்களுக்கான கணக்கு. ஆன்யுட்டிக்கு எப்போது சான்று கேட்பார்கள் என்பது பாலிசியைப் பொறுத்தது. இரண்டு பாலிசி இருந்தால் இரண்டு தேதி இருக்கலாம். நினைவூட்டும் கடிதம் பதிவில் இருக்கும் முகவரிக்குத்தான் போகும். பத்து வருஷத்துக்கு முன் காலி செய்த வாடகை வீட்டுக்கு அது போய்க்கொண்டிருந்தால் உங்களுக்கு எப்படித் தெரியும்? எனவே ஒருமுறை போய்த் தேதியைக் கேட்டு, முகவரி, மொபைல் எண் இரண்டையும் மாற்றிவிட்டு வாருங்கள். வருடத்துக்கு ஒருமுறை பணம் வாங்குபவர்கள் இன்னும் உஷாராக இருக்க வேண்டும். நின்றுபோனது தெரியவே ஒரு வருடம் ஆகிவிடும்.

நேரில் போக முடியாதவர்களுக்கு வழி இருக்கிறது. ஆதார் மூலம் சான்று பெறும் முறைக்கு வரும்படி 2022லேயே காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. நிறுவனங்களுக்குச் சொல்லிவிட்டது. எல்.ஐ.சி. ஆன்யுட்டிக்கு Jeevan Saakshya என்று தனிச் செயலியே உண்டு. பாலிசி எண் போட்டு, செல்ஃபி எடுத்து, ஓ.டி.பி. கொடுக்க வேண்டும். அந்த ஓ.டி.பி. ஆதாரில் பதிந்த எண்ணுக்கு வரும். அந்த சிம் இப்போது யாரிடம் இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

காகிதமாகக் கொடுத்தால் பாலிசி எண்ணை எழுத மறக்காதீர்கள். நகல் ஒன்றில் சீலும் தேதியும் வாங்காமல் கவுண்டரை விட்டு நகராதீர்கள். "அதெல்லாம் வேணாம், நாங்க பாத்துக்கறோம்" என்பார்கள். அடுத்த மாதம் அந்த இருக்கையில் வேறு ஆள் இருப்பார்.

ஏற்கெனவே நின்றுவிட்டதா? பயப்பட வேண்டாம், பணம் போய்விடவில்லை. சான்று ஏறியதும் நிலுவையும் சேர்ந்து வர வேண்டும். பெரியவருக்கு ஐந்து மாதப் பணம், 12,300 ரூபாய், மொத்தமாக வந்தது. நடப்பு மாதத்தை மட்டும் போட்டுவிட்டு நிலுவையை மறந்துவிடுவதும் உண்டு. கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இழுத்தடித்தால் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். வாய்ப் பேச்சுக்குச் சாட்சி கிடையாது. ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் புகார் இணையதளமான பீமா பரோசாவிலும், 155255 என்ற எண்ணிலும் புகாரைப் பதியலாம். எழுதிக் கொடுத்து ஒரு மாதம் ஆகியும் பதில் இல்லையென்றால் காப்பீட்டு ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கு அலுவலகம் சென்னையில் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். சீல் வைத்த அந்த நகலை மட்டும் எடுத்துப் போங்கள்.