லிங்க்கில் கமிஷன் வருகிறதா? வீடியோவிலேயே சொல்லியாக வேண்டும்

ஷார்ட்ஸ், ரீல்ஸ் போடுகிறவர்கள் ஒரு பொருளைப் பரிந்துரைத்துப் பலன் பெற்றால் அதைப் பார்ப்பவருக்குத் தெரிவித்தாக வேண்டும். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 2022 ஜூனில் வந்த வழிகாட்டு நெறிகளும், நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வெளியிட்ட கையேடும் இதைச் சொல்கின்றன. பின்னணி இவ்வளவு போதும்.

சென்னையில் தண்டையார்பேட்டையிலும் வியாசர்பாடியிலும் வீட்டிலிருந்தே வீடியோ போடுகிறவர்களிடம் பேசினால், "எந்தக் கம்பெனியும் எனக்குப் பணம் கொடுக்கவில்லையே, நான் லிங்க் மட்டும்தானே போடுகிறேன்" என்கிறார்கள். பலரும் சிக்குவது இங்கேதான். 1,500 ரூபாய்ப் பொருள் உங்கள் லிங்க் வழியாக விற்று, ஆறு சதவீதம் என்று 90 ரூபாய் உங்கள் கணக்கில் விழுந்தால் அதுவே விற்பவரோடு உங்களுக்குள்ள பணத் தொடர்பு. இலவசமாக வந்த பொருளும், நிபந்தனை எதுவும் இல்லாமல் வந்திருந்தாலும், இதில் சேரும். எத்தனை ரூபாய் கிடைத்தது என்று கணக்குக் காட்டச் சொல்லவில்லை. கிடைக்கிறது என்பதைச் சொன்னால் போதும்.

எங்கே, எப்படிச் சொல்வது என்பதில் அடுத்த சிக்கல். டிஸ்கிரிப்ஷனில், இருபது ஹேஷ்டேக்குகளுக்கு நடுவே ஒன்றாகப் போட்டுவிட்டு, சொல்லியாகிவிட்டது என்று இருக்க முடியாது. அறிவிப்பு வீடியோவுக்குள்ளேயே, எழுத்திலும் குரலிலும், வீடியோ பேசும் மொழியிலேயே வர வேண்டும் என்கிறது கையேடு. தமிழில் பேசிவிட்டு மூலையில் ஆங்கிலத்தில் இரண்டெழுத்துப் போடுவது ஆகாது. விளம்பரத் துறையின் சுயகட்டுப்பாட்டு அமைப்பான இந்திய விளம்பரத் தரநிலைக் குழு, 15 விநாடி முதல் இரண்டு நிமிடம் வரையுள்ள வீடியோவில் மூன்றில் ஒரு பங்கு நேரம் அந்த எழுத்து நிற்க வேண்டும் என்கிறது. ஆக, 45 விநாடி வீடியோவில் 15 விநாடி. எழுத்தைத் திரையின் மேல்பாதியில் வையுங்கள். கீழே வைத்தால் தலைப்பும் சேனல் பெயரும் அதை மூடிவிடும். "விளம்பரம்: இந்த லிங்க்கில் வாங்கினால் எனக்குக் கமிஷன் வரும்" என்று எழுதி, அதையே வாயாலும் சொல்லுங்கள்.

அடுத்தது, பயன்படுத்தாத பொருள். தான் பயன்படுத்தாத, விசாரித்துப் பார்க்காத பொருளைப் பரிந்துரைக்கக் கூடாது என்பதும் அதே விதிகளில் இருக்கிறது. கொருக்குப்பேட்டையில் வாடகை வீட்டிலிருக்கும் ஒரு அக்கா, வீடியோ பார்த்துக் குழாயில் மாட்டும் சுடுதண்ணீர்க் கருவி வாங்கினார். அது 3,000 வாட். ஏறக்குறைய 13 ஆம்பியர் இழுக்கும். அவர் வீட்டிலிருந்ததோ 6 ஆம்பியர் சின்ன பிளக் பாயிண்ட். கன்வர்ட்டர் போட்டு மாட்டியதில் சாக்கெட் உருகிவிட்டது. வீடியோ போட்டவர் ஒரு நாள் தன் வீட்டில் அதை மாட்டிப் பார்த்திருந்தால், பெரிய பிளக் பாயிண்ட் இல்லாமல் இது ஆகாது என்பது முதல் நிமிடத்திலேயே தெரிந்திருக்கும். அவர் காட்டியது விற்பவரின் இணையப் பக்கத்தில் கிடக்கும் அதே காட்சி. கையும் அவருடையதில்லை, குழாயும் அவர் வீட்டுக் குழாயில்லை. பார்ப்பவர்கள் இப்படித்தான் கண்டுபிடிக்க வேண்டும்: வயர் எங்கே போகிறது, எந்த பிளக்கில் மாட்டியிருக்கிறது, ஒரு குறையாவது சொல்கிறார்களா என்று பாருங்கள்.

பெட்டியைப் பிரித்துக் காட்டுவதும் பயன்படுத்தியதாகாது. பரிந்துரை நேர்மையானதாகவும் ஓரளவு இப்போதைய கருத்தாகவும் இருக்க வேண்டும் என்பது விதி. ஆறு மாதத்தில் கெட்டுப்போன மிக்ஸியின் பழைய வீடியோவில் லிங்க் இன்னும் இருந்தால், முதலில் அந்த லிங்க்கை எடுத்துவிடுங்கள்.

தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை, மீண்டும் செய்தால் 50 லட்சம் வரை அபராதம் விதிக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. பரிந்துரைத்தவர் உரிய முறையில் சரிபார்த்திருந்தால் அவருக்குப் பொறுப்பில்லை. அதனால் வாங்கிய பில்லையும், நீங்களே பயன்படுத்தி எடுத்த வெட்டாத வீடியோவையும் அழிக்காதீர்கள்.

ஏமாந்தவர்கள் காவல் நிலையம் போனால் "நுகர்வோர் கோர்ட்டுக்குப் போங்கள்" என்பார்கள். அங்கே கேட்டால் "விற்றவர் மீதல்லவா புகார் தர வேண்டும்" என்று யாராவது திருப்பி அனுப்புவார்கள். இரண்டும் வேறு வேறு வேலை என்று எடுத்துச் சொல்ல ஒருவரும் இருப்பதில்லை. உங்கள் பணமும் நஷ்டஈடும் வேண்டுமென்றால் நுகர்வோர் கோர்ட் என்று சொல்லும் மாவட்ட நுகர்வோர் ஆணையம். அந்த விளம்பரத்தின் மீதே நடவடிக்கை வேண்டுமென்றால் மத்திய ஆணையம். அந்தப் புகாரை மாவட்ட ஆட்சியரிடமும் கொடுக்கலாம் என்று சட்டமே சொல்கிறது. ராஜாஜி சாலை ஆட்சியர் அலுவலகத்தில் "இங்கே வாங்குவதில்லை" என்றால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பிரிவு 17 என்று மனுவின் தலைப்பிலேயே எழுதி, ஒப்புகைச் சீட்டு கேட்டு வாங்குங்கள். கிளம்பும் முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்து, அங்கே தரும் புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் முதலில் வீடியோவை ஸ்கிரீன் ரெக்கார்டு செய்து, லிங்க்கை அழுத்தித் திறக்கும் முகவரியையும் ஆர்டர் எண்ணையும் சேமித்துவிடுங்கள், ஏனென்றால் புகார் போன செய்தி தெரிந்ததும் வீடியோ காணாமல் போகும்.