சனிக்கிழமைக் கூலியும் அடல் பென்ஷனும்: பணம் தானாகப் பிடிபடுவதை நமக்குச் சாதகமாக்குவது எப்படி

என் சித்தி ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில் நிரந்தரத் தொழிலாளி. அவருக்குப் பி.எஃப். இருக்கிறது. அதைச் சேர்க்க வேண்டும் என்று அவர் ஒருநாளும் உட்கார்ந்து யோசித்ததில்லை, சம்பளம் கைக்கு வரும் முன்பே 12 சதவீதம் பிடித்துவிடுகிறார்கள், தோட்டமும் தன் பங்கைப் போடுகிறது. அவர் மகன், அதாவது என் தம்பி, சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை செய்கிறான். ஆறு பேர் உட்காரும் பட்டறை, பி.எஃப். சட்டம் பொதுவாக 20 பேராவது உள்ள இடத்துக்குத்தான், அதனால் அவனுக்கு ஒன்றும் கிடையாது. அம்மாவைவிட அவன் கொஞ்சம் கூடவே சம்பாதிக்கிறான், குடிப்பழக்கம்கூட இல்லை. ஆனாலும் 30 வயது வரை வயதான காலத்துக்கென்று ஒரு ரூபாய் சேர்ந்திருக்கவில்லை. இதற்கு அவன் குணத்தைக் குறை சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. ஒருவருக்குச் சும்மா இருந்தாலே பணம் சேர்கிறது, இன்னொருவர் ஒவ்வொரு வாரமும் புதிதாக முடிவெடுத்தால்தான் சேரும். வித்தியாசம் அவ்வளவுதான்.

சித்தியின் பி.எஃப். கட்டாயம், வேண்டாம் என்று சொல்ல முடியாது. ஆனால் கட்டாயப்படுத்தாமலே இதே வேலையைச் செய்ய வைக்கலாம் என்பதைப் பிரிட்டன் 2012 முதல் காட்டி வருகிறது. அங்கே வேலைக்குச் சேர்கிறவரை முதலாளி ஓய்வூதியத் திட்டத்தில் தானாகவே சேர்த்துவிட வேண்டும், பிடிக்காதவர் எழுதிக் கொடுத்து வெளியே போகலாம். பத்தில் ஒருவர் போலத்தான் வெளியே போகிறார்கள். நாமாக ஒன்றும் சொல்லாவிட்டால் எது நடக்குமோ, அதிலேயே பெரும்பாலானவர்கள் இருந்துவிடுகிறார்கள்.

நம் ஊரில் பட்டறை, தறி, ஜவ்வரிசி ஆலை என்று வேலை செய்பவர்களுக்கு இதற்குக் கிட்டத்தட்ட வருவது மத்திய அரசு 2015இல் தொடங்கிய ஓய்வூதியத் திட்டமான அடல் பென்ஷன் யோஜனா. 18 முதல் 40 வயது வரை சேரலாம், வங்கியிலோ தபால் நிலையத்திலோ சேமிப்புக் கணக்கு வேண்டும், வருமான வரி கட்டுபவர்கள் 2022 அக்டோபரிலிருந்து புதிதாகச் சேர முடியாது. 60 வயதுக்குப் பிறகு மாதம் 1,000, 2,000, 3,000, 4,000, 5,000 ரூபாய் என்று ஐந்து அளவு, எது வேண்டும் என்று சேரும்போதே சொல்ல வேண்டும். 30 வயதில் சேர்ந்தால் 1,000 ரூபாய் ஓய்வூதியத்துக்கு மாதம் 116 ரூபாய், 5,000 ரூபாய்க்கு 577 ரூபாய். சேர்ந்தவர் இறந்தால் அதே ஓய்வூதியம் கணவனுக்கோ மனைவிக்கோ போகும், இருவருக்கும் பிறகு 5,000 ரூபாய் அளவில் வாரிசுதாரருக்கு 8.5 லட்சம் ரூபாய்.

பிரிட்டன் மாதிரி இதில் யாரும் தானாகச் சேர்க்கப்படுவதில்லை, ஒருமுறை நாமே போய்க் கையெழுத்துப் போட வேண்டும். ஆனால் அந்தக் கையெழுத்துக்குப் பிறகு எல்லாம் தானாக நடக்கும், மாதாமாதம் கணக்கிலிருந்து வங்கியே எடுத்துக்கொள்ளும்.

கணக்கில் பணம் இருந்தால்!

தம்பி விஷயத்தில் இடறியது இங்கேதான். அவன் 5,000 ரூபாய் அளவில் சேர்ந்தான். பட்டறையில் கூலி சனிக்கிழமை, அதை முதலாளி கணக்கில் போடுவார், ஞாயிறு கறிக்கடையில் தொடங்கி வெள்ளிக்குள் கைபேசியில் தட்டித் தட்டியே கணக்கு காலியாகிவிடும். வங்கி மாதத்தின் கடைசி நாள் வரை அந்த 577 ரூபாய்க்குக் காத்திருக்கும், பணம் எப்போது இருக்கிறதோ அப்போது எடுக்கும், இல்லையென்றால் அந்த மாதம் பாக்கி. பாக்கிக்கு 100 ரூபாய்க்கு மாதம் 1 ரூபாய் கூடுதல், அதாவது 577க்கு 6 ரூபாய். அந்தக் கூடுதல் தொகையும் நம் ஓய்வூதியக் கணக்கிலேயே சேர்வதால் அது பெரிய நஷ்டம் இல்லை. வலிப்பது வேறு. இரண்டு மாதம் விட்டால் மூன்றாம் மாதம் ஏறக்குறைய 1,750 ரூபாய் மொத்தமாகக் கிளம்பும், அது பெரும்பாலும் வீட்டு வாடகைக்கு வைத்த பணமாக இருக்கும். தம்பிக்கு அப்படித்தான் ஆனது, கோபத்தில் திட்டத்தையே முடித்துவிடலாம் என்று நின்றான்.

அப்புறம் நாங்கள் செய்தது எளிமையானது. நம் பாட்டிகள் அஞ்சறைப் பெட்டியில் கடுகுக்கு அடியில் வைத்த பணத்தைப் பால்காரருக்குக்கூட எடுத்துக் கொடுக்க மாட்டார்கள். ரூபாய் எல்லாம் ரூபாய்தான், ஆனாலும் இது இதற்கு என்று மனதில் பெயர் வைத்துவிட்டால் கை போகாது. நகைச்சீட்டுப் பணத்தை நாம் தொடாததும் அதனால்தான். பொருளாதாரத்துக்கான 2017 நோபல் பரிசு பெற்ற ரிச்சர்ட் தேலர் இதை விரிவாக எழுதியவர். திலீப் சோமன், அமர் சீமா என்ற இரு ஆய்வாளர்கள் இந்தியக் கட்டுமானத் தொழிலாளர்களிடமே இதைச் சோதித்துப் பார்த்து 2011இல் வெளியிட்டார்கள். சேமிப்புப் பணத்தை மூடிய உறையில் போட்டுக் கொடுத்தார்கள். உறையில் பிள்ளைகளின் படம் இருந்தவர்கள் அதிகம் சேமித்தார்கள், அதே பணத்தை ஒரே உறைக்குப் பதில் இரண்டு உறையாகப் பிரித்துக் கொடுத்தபோதும் அதிகம் சேமித்தார்கள். ஒவ்வொரு உறையைப் பிரிக்கும்போதும் மனம் ஒருமுறை தடுக்கிறது.

ஆக, தம்பிக்குத் தேவைப்பட்டது ஒரு தனி உறை. குறைந்தபட்ச இருப்பு கேட்காத இன்னொரு சேமிப்புக் கணக்கு தொடங்கி, ஏ.டி.எம். அட்டை வாங்காமல், கைபேசிச் செயலி எதிலும் இணைக்காமல், பென்ஷன் பிடித்தத்தை அதற்கு மாற்ற எழுதிக் கொடுத்தான். சனிக்கிழமை கூலி வந்த அன்றே 150 ரூபாய் அதற்குப் போகிறது. நான்கு சனிக்கிழமைக்கு 600, பிடிப்பது 577. ஐந்து சனிக்கிழமை வரும் மாதத்தில் 750 சேரும். வருடத்துக்கு 7,800 போட்டால் 6,924தான் போகும், மீதி 876 ரூபாய் அங்கேயே கிடக்கும், பட்டறையில் வேலை இல்லாத ஒரு மாதத்தை அது தாங்கும். புதிதாகச் சேர்கிறவர்கள் முதலிலேயே இப்படி ஒரு கணக்கை வைத்துச் சேர்ந்துவிட்டால் மாற்றும் அலைச்சல் இல்லை.

இன்னொன்றில் கவனம் வேண்டும். சும்மா இருந்தால் நடப்பதே நிலைத்துவிடும் என்பது சேரும் அளவுக்கும் பொருந்தும். இந்தத் திட்டத்தில் பெரும்பான்மையானவர்கள் 1,000 ரூபாய் அளவில்தான் இருக்கிறார்கள். கவுண்டரில் படிவத்தை நிரப்பித் தருபவர் குறைந்ததை எழுதுவார், நாமும் சரி என்போம், அது முப்பது வருடம் அப்படியே இருக்கும். விலைவாசி வருடம் 5 சதவீதம் ஏறுகிறது என்று வைத்துக்கொண்டால் 30 வருடம் கழித்து வரும் 1,000 ரூபாய் இன்றைய 230 ரூபாய்க்குச் சமம், 5,000 ரூபாய்கூட 1,150தான், அதனால் இதை மட்டும் நம்பி இருக்கவும் முடியாது. அளவை நிதியாண்டுக்கு ஒருமுறை மாற்றலாம், ஆனால் உயர்த்தினால் இதுவரை குறைவாகக் கட்டிய வித்தியாசத்தை வட்டியோடு சேர்த்துக் கட்ட வேண்டும். தள்ளிப்போடத் தள்ளிப்போட அந்தத் தொகை பெருகும். படிவத்தில் அந்தக் கட்டத்தை மட்டுமாவது நீங்களே நிரப்புங்கள்.

சொல்லாமலே சேர்த்துவிடுவதும் நடக்கிறது. எங்கள் தெருவில் ஒரு அக்கா கடனுக்குப் போன இடத்தில் நாலைந்து கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள், அதில் ஒன்று அடல் பென்ஷனுக்கு என்பது இரண்டு வருடம் கழித்துத்தான் தெரிந்தது. தெரிந்து சேர்ந்து வெளியேற வழியும் இருந்தால் அது உதவி, தெரியாமல் பிடித்தால் அது தவறு, எவ்வளவு நல்ல திட்டமாக இருந்தாலும். உங்கள் பாஸ்புக்கை அச்சடித்து, அடல் பென்ஷனைக் குறிக்கும் `APY` என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வங்கியில் உங்கள் ஓய்வூதியக் கணக்கின் 12 இலக்க `PRAN` எண்ணையும், எந்த அளவு, யார் வாரிசுதாரர் என்பதையும் கேட்டு எழுதி வாங்குங்கள். வேண்டாம் என்றால் 60 வயதுக்கு முன்பே வெளியேறலாம், கட்டியதும் அதன் வருமானமும் செலவு கழித்துத் திரும்ப வரும். அந்த அக்கா இப்படிக் கேட்டுப் பார்த்துவிட்டு, 1,000 ரூபாய் அளவை 2,000 ஆக்கித் தொடர்கிறார். வாரிசுதாரர் இடத்தில் யாரோ தப்பாக எழுதியிருந்த பெயரையும் மாற்றிவிட்டார்.