யாருக்கும் இல்லாத வியாதி எங்கிருந்து வந்தது?

டர்பனில் மரபணு ஆலோசனை தருவது என் வேலை. சாட்ஸ்வொர்த், டோங்காட் பக்கமிருந்து வரும் தமிழ்க் குடும்பங்களில் பெற்றோர் ஆங்கிலத்தில் பேசுவார்கள். கூட வரும் ஆயா, அதாவது பாட்டிதான் தமிழில் கேள்வி கேட்பார். கடினமான கேள்வி அநேகமாக அவரிடமிருந்துதான் வரும்.

இங்கே சொல்லப்போகும் குடும்பத்தை யாரும் அடையாளம் காணாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். நான்கு மாதக் குழந்தை. முகத்தில் நல்ல சிரிப்பு, கண் நம்மையே தொடர்ந்து வருகிறது. ஆனால் கைகால் துவண்டு கிடக்கிறது, தலை நிற்கவில்லை. மூச்சு இழுக்கும்போது நெஞ்சு உள்ளே போய் வயிறு மேலே எழுகிறது. வாயைத் திறந்து பார்த்தால், கொதிக்கும் முன் பாலின் மேல்பரப்பு நடுங்குமே, அதுபோல நாக்கு துடித்துக்கொண்டிருக்கிறது. எஸ்.எம்.ஏ. என்று சொல்லப்படும் முதுகுத்தண்டு தசைச் சிதைவு நோய், அதிலும் முதல் வகை. மருந்து கிடைக்காவிட்டால் இந்த வகைக் குழந்தைகளில் பெரும்பாலோர் இரண்டு வயதைத் தாண்டுவதில்லை.

ஐந்தாம் குரோமோசோமில் எஸ்.எம்.என்.1 என்றொரு மரபணு இருக்கிறது. அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என ஆளுக்கு இரண்டு பிரதிகள். ஒன்று போனாலும் மற்றது வேலையைப் பார்த்துக்கொள்ளும், அந்த ஆளுக்கு ஒரு குறையும் தெரியாது. அவரைத்தான் கேரியர் என்கிறோம். இரண்டும் போனால்தான் நோய். இப்படி ஒற்றையாக இருக்கும்போது ஒளிந்துகொள்ளும் மரபணு வடிவத்தைப் பாடப்புத்தகம் ஒடுங்கு அல்லீல் என்று சொல்லும்.

இந்தக் குழந்தையிடம் ஒரு பிரதிகூட இல்லை. அம்மாவுக்கு ஒன்று இருந்தது, எதிர்பார்த்ததுதான். அப்பாவுக்கு இரண்டு. அதைப் பார்த்துவிட்டு வேறொரு இடத்தில் 'தந்தை கேரியர் அல்ல' என்று கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அந்தக் கடிதத்தால் அந்த வீட்டில் என்னென்ன பேச்சு எழுந்திருக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. குழந்தையின் அப்பா அவர்தான் என்பதில் எந்தச் சந்தேகமும் இல்லை, அதைப் பரிசோதனையிலும் உறுதி செய்தோம்.

இந்தச் சோதனை பிரதிகளை எண்ணும். எந்தக் குரோமோசோமில் எத்தனை என்று சொல்லாது. இரண்டு பிரதிகள் என்றால் பக்கத்துக்கு ஒன்றாக இருக்கலாம். அல்லது ஒரே பக்கத்தில் இரண்டும் ஒட்டிக்கொண்டு, மறுபக்கம் காலியாக இருக்கலாம். இரண்டாவது வகை ஆள் உண்மையில் கேரியர்தான், எண்ணிக்கை அவரை மறைத்துவிடுகிறது. மூன்றாவது சாத்தியமும் உண்டு. அப்பாவின் இரண்டு பக்கமும் நன்றாக இருந்து, அந்த ஒரு விந்தணு உருவான நேரத்தில் மரபணு புதிதாகத் தொலைந்திருக்கலாம். இதுதான் புதிய சடுதி மாற்றம்.

எது என்று கண்டுபிடிக்க ஐந்து வயது அக்காவின் ரத்தம் உதவியது. அந்த மரபணுவின் இரு பக்கமும் உள்ள அடையாளக் குறிகளை ஒப்பிட்டால், அக்காவும் குழந்தையும் அப்பாவிடமிருந்து வாங்கியது ஒரே குரோமோசோம் துண்டு. அம்மாவிடமிருந்து வாங்கியது வேறு வேறு. குழந்தைக்கு வந்தது அம்மாவின் காலிப் பக்கம், அக்காவுக்கு வந்தது நல்ல பக்கம். அக்காவிடம் மொத்தம் இரண்டு பிரதிகள் இருந்தன. ஒன்று அம்மா கொடுத்தது, அப்படியானால் இன்னொன்று அப்பாவின் அந்தத் துண்டில் இருந்து வந்தது. அக்காவுக்குப் போனபோது மரபணு இருந்த அதே துண்டு, தம்பிக்குப் போனபோது காலி. ஆக, தொலைந்தது அப்பாவின் விந்தணுவில்தான்.

இந்த இடத்தில் அப்படி நடப்பது அவ்வளவு அபூர்வமும் இல்லை. எஸ்.எம்.என்.1-க்குப் பக்கத்திலேயே எஸ்.எம்.என்.2 என்று கிட்டத்தட்ட அதைப்போன்ற இன்னொரு மரபணு இருக்கிறது. விந்தணுவோ கருமுட்டையோ உருவாகும்போது குரோமோசோம்கள் ஜோடி சேர்ந்து துண்டுகளை மாற்றிக்கொள்ளும். ஒரே மாதிரி இரண்டு இருப்பதால் ஜோடி சேர்வதில் பிசகு வருகிறது. ஒரு குரோமோசோமுக்குக் கூடுதலாக ஒன்று, மற்றதற்கு ஒன்றும் இல்லை. சுமார் பத்தாயிரம் விந்தணு அல்லது கருமுட்டைக்கு ஒன்று என்ற கணக்கில் இது நடக்கிறது. சாதாரண மரபணுக்களில் சேதம் விளைவிக்கும் மாற்றம் இதைவிடப் பல மடங்கு அரிது. இந்த நோயில் புதிய மாற்றம் பெரும்பாலும் அப்பா பக்கத்திலிருந்துதான் வருகிறது.

இவ்வளவையும் ஆங்கிலத்தில் சொல்லி முடித்தபோது ஆயா கேட்டார்: "அதெல்லாம் சரி டாக்டரம்மா. இந்த வியாதி வந்த புள்ளைங்க பெருசாகிக் கல்யாணம் பண்றதில்ல. அப்போ இது எப்பவோ ஒழிஞ்சிருக்கணுமே, ஏன் ஒழியல?"

"அரிசியில கல் பொறுக்குவீங்கல்ல ஆயா?" என்று ஆரம்பித்தேன். ஒற்றைக் கல் அரிசி நிறத்திலேயே இருக்கிறது, முறத்தில் எத்தனை முறை புடைத்தாலும் கண்ணுக்குப் படாது. இரண்டு கல் ஒட்டிக்கொண்டு வந்தால்தான் தெரியும், எடுத்து எறியலாம். அதே சமயம் ஒவ்வொரு மூட்டையிலும் ஆலையிலிருந்து ஒன்றிரண்டு புதுக்கல் விழுந்துகொண்டே இருக்கிறது. ஆயாவுக்கு அது போதும். உங்களுக்குக் கணக்கையும் போட்டுக் காட்டுகிறேன்.

எஸ்.எம்.ஏ. சுமார் பத்தாயிரம் பிறப்புக்கு ஒரு குழந்தைக்கு வருகிறது. நாட்டுக்கு நாடு கொஞ்சம் கூடும், குறையும், இந்த எண்ணையே வைத்துக்கொள்வோம். ஆளுக்கு இரண்டு வீதம், பத்தாயிரம் குழந்தைகளிடம் இந்த மரபணு இருக்க வேண்டிய இடங்கள் மொத்தம் இருபதாயிரம். நோய் வர இரண்டு காலி இடங்கள் ஒரே குழந்தையில் சேர வேண்டும். நூற்றுக்கு ஒரு இடம் காலியாக இருந்தால், நூறில் ஒன்றை நூறில் ஒன்றால் பெருக்க, பத்தாயிரத்தில் ஒன்று வரும். அப்படியென்றால் இருபதாயிரத்தில் இருநூறு இடம் காலி. அதில் நோயுற்ற அந்த ஒரு குழந்தையிடம் இருப்பது இரண்டே இரண்டு. மீதி நூற்றுத் தொண்ணூற்றெட்டும் ஆளுக்கொன்றாக, ஐம்பது பேருக்கு ஒருவர் என்ற கணக்கில், ஆரோக்கியமாக ஓடியாடும் பிள்ளைகளிடம் ஒளிந்திருக்கின்றன.

இயற்கைத் தேர்வின் கைக்கு எட்டுவது அந்த இரண்டு மட்டும்தான். அந்தக் குழந்தையோடு இரண்டும் போய்விடுகின்றன. புதிதாக வருவது எத்தனை? இருபதாயிரம் விந்தணு, கருமுட்டைகளில் பத்தாயிரத்துக்கு ஒன்று வீதம், இரண்டு. இரண்டு போகிறது, இரண்டு வருகிறது. அதனால்தான் இருநூறு இருநூறாகவே நிற்கிறது.

இந்தச் சமநிலையை 1927-ல் கணக்காக எழுதிக் காட்டியவர் பிரிட்டிஷ் மரபியல் அறிஞர் ஜே.பி.எஸ். ஹால்டேன். (பிற்காலத்தில் இந்தியாவுக்கே குடிவந்து 1964-ல் புவனேஸ்வரில் காலமானார்.) ஒடுங்கு அல்லீலுக்கு அது இப்படி வரும்:

q = √(μ/s)

q என்பது அல்லீலின் விகிதம், μ புதிய மாற்றத்தின் வேகம், s நோயுற்றவர்கள் சந்ததி விடாமல் போகும் அளவு. ஒருவரும் சந்ததி விடவில்லை என்றால் s ஒன்று. பத்தாயிரத்தில் ஒன்றுக்கு வர்க்கமூலம் எடுத்தால் நூற்றில் ஒன்று, நாம் விரல்விட்டு எண்ணிய அதே விடை. எஸ்.எம்.ஏ.யின் லேசான வகைகளில் பிள்ளை பெறுபவர்கள் இருப்பதால் s சற்றுக் குறையும், q சற்றுக் கூடும். ஆனால் கதை மாறாது.

இது உண்மையா என்று சரிபார்க்கவும் ஒரு வழி இருக்கிறது. இருநூறு காலி இடங்களில் இரண்டு புதியவை, அதாவது நூற்றுக்கு ஒன்று. நோயுற்ற ஒரு குழந்தையிடம் இரண்டு காலி இடங்கள் இருப்பதால், நூறு நோயாளிகளில் சுமார் இருவரிடம் ஒன்று புதிதாக வந்ததாக இருக்க வேண்டும். குடும்பங்களைச் சோதித்து எண்ணியபோது கிடைத்ததும் சுமார் இரண்டு சதவீதம்தான். எங்கள் குழந்தை அந்த இரண்டு பேரில் ஒருவன். அப்பா பக்கத்து இடைவெளி அவனோடு பிறந்தது. அம்மா பக்கத்தது? தலைமுறைக்கு நூற்றில் ஒன்றுதான் புதிது என்றால், ஒன்றின் வயது சராசரியாக நூறு தலைமுறை. தலைமுறைக்கு இருபத்தைந்து வருஷம் வைத்தால் இரண்டாயிரத்து ஐந்நூறு வருஷம். 1860-ல் நேட்டாலுக்குக் கப்பலேறிய யாரோ ஒருவர் தன்னை அறியாமல் கொண்டுவந்திருக்கலாம். அவருக்கும் முன்னால், சங்கப் பாட்டு எழுதப்படும் முன்பிருந்தே அது கைமாறி வந்திருக்கலாம்.

எல்லா ஒடுங்கு நோய்க்கும் இந்தக் கணக்கைப் போட்டுவிடக் கூடாது. பீட்டா தலசீமியா என்ற ரத்த நோய்க்குப் போட்டால் உதைக்கும். அங்கே கேரியருக்கு மலேரியாவிலிருந்து பாதுகாப்பு கிடைத்ததால் அல்லீல் பெருகியது. இங்கே ஐரோப்பியக் குடியேறிகளின் வம்சமான ஆஃப்ரிக்கானர் மக்களிடம் ஃபான்கோனி ரத்தசோகை கூடுதலாக இருப்பதற்கும் காரணம் வேறு. ஆரம்பத்தில் வந்து குடியேறிய சிலரில் ஓரிருவரிடம் இருந்தது, வம்சம் பெருகியபோது கூடவே பெருகியது. ஒரு நோயின் விகிதத்தை நிலைநிறுத்த எவ்வளவு சடுதி மாற்றம் தேவை என்று பார்த்து, அது நம்ப முடியாத அளவு பெரிதாக வந்தால், வேறு காரணத்தைத் தேட வேண்டும் என்று அர்த்தம்.

அத்தை மகன், மாமன் மகள் கல்யாணம் பற்றிக் கேட்காமல் எந்தத் தமிழ்க் குடும்பமும் எழுந்து போனதில்லை. அப்படிப்பட்ட தம்பதியின் குழந்தைக்கு ஒரே மூதாதையின் அல்லீல் இரு வழியாகவும் வந்து சேரும் வாய்ப்பு பதினாறில் ஒன்று. இந்த நோய்க்கு அது பத்தாயிரத்தில் ஒன்றைச் சுமார் ஏழாக்கும். ஆனால் என் முன்னால் உட்கார்ந்திருந்த தம்பதி சொந்தத்தில் கட்டியவர்கள் இல்லை. "சொந்தத்துல கட்டலையே, அப்புறம் ஏன்?" என்ற கேள்விக்கு விடை, மேலே உள்ள ஐம்பதில் ஒருவராக அம்மா இருந்ததும் அப்பா பக்கத்தில் மரபணு புதிதாகத் தொலைந்ததும்தான்.

இப்போது மருந்து வந்திருக்கிறது. 2016-ல் முதுகுத்தண்டில் போடும் ஊசி, 2019-ல் மரபணு சிகிச்சை, விலை மட்டும் எட்டாத உயரத்தில். இந்தப் பிள்ளைகள் பிழைத்துப் பிள்ளை பெற்றால் நோய் பெருகிவிடாதா என்று படித்தவர்களே கேட்கிறார்கள். s பத்தில் ஒன்றாகக் குறைந்தது என்று வைத்துக்கொள்வோம். இருநூறு காலி இடங்கள் அடுத்த தலைமுறையில் இருநூற்று இரண்டாகக்கூட ஆகாது. இரட்டிப்பாக மூவாயிரம் வருஷமாவது ஆகும். வெளியேறும் வழி எவ்வளவு குறுகலோ, உள்ளே வரும் வழியும் அவ்வளவு குறுகல். இந்தப் பயத்துக்காக ஒரு குழந்தைக்கு மருந்தை மறுப்பதைவிட அபத்தம் இல்லை.

சரி, அந்தக் குடும்பத்துக்கு என்ன சொன்னேன்? இரண்டு பேரும் கேரியர் என்றால் அடுத்த குழந்தைக்கு நான்கில் ஒரு பங்கு ஆபத்து. இங்கே அப்படியில்லை, மிகக் குறைவு. ஆனால் பூஜ்யம் என்று சொல்லவில்லை. அப்பாவின் மற்ற விந்தணுக்கள் சிலவற்றிலும் அதே இழப்பு இருக்கலாம் என்பதால், அடுத்த கர்ப்பத்தில் சோதனை வேண்டுமென்றால் செய்யலாம் என்றேன். அப்பாவின் தங்கைகளுக்கு ஊரில் எல்லோருக்கும் உள்ள ஆபத்துதான். அம்மாவின் உடன்பிறந்தவர்கள் மட்டும் கேரியராக இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு.

அம்மாவின் தம்பிக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. சோதித்தார், ஒரு பிரதி. வருங்கால மனைவிக்கு இரண்டு. அந்த அறிக்கையில் 'கேரியர் அல்ல' என்று நான் எழுதவில்லை. 'இரண்டு பிரதிகள், கேரியராக இருக்கும் வாய்ப்பு குறைவு' என்று எழுதினேன்.