காலாண்டு முடிவுக்கு முன் வைக்கும் இலக்கும் ஸ்ட்ராடில் விலையும்

நிறுவனங்கள் காலாண்டு முடிவுகளை வெளியிடும் ஒவ்வொரு பருவத்திலும் என்னிடம் வரும் புகார்களில் பாதிக்கு மேல் ஒரே வகையானவை. "சார், நான் சொன்னபடியே பங்கு ஏறியது, ஆனாலும் என் கால் ஆப்ஷனில் நஷ்டம். தரகர் ஏதாவது தவறு செய்திருப்பாரா?" என்று கேட்பார்கள். தரகர் எந்தத் தவறும் செய்திருக்க மாட்டார். வாங்குவதற்கு முன் அந்தப் பங்கின் ஸ்ட்ராடில் விலையை, அதாவது கால், புட் ஆப்ஷன்கள் இரண்டையும் சேர்த்த விலையை, ஒரு முறை பார்த்திருந்தால், வைத்த இலக்கு எவ்வளவு தொலைவில் இருந்தது என்பது அப்போதே தெரிந்திருக்கும். இந்தப் பருவத்திலும் அதே கேள்வி பலமுறை வந்துவிட்டதால், ஒரு கணக்கை முழுமையாக எழுதி வைக்கிறேன்.

ஒரு பங்கு 1000-இல் வர்த்தகமாகிறது என்று வைத்துக்கொள்வோம். இன்று சந்தை முடிந்த பிறகு முடிவு வெளியாகிறது, ஆப்ஷன் காலாவதியாகும் எக்ஸ்பைரிக்கு இன்னும் 9 வர்த்தக நாட்கள் இருக்கின்றன. 1000 ஸ்ட்ரைக்கில், அதாவது 1000 என்ற விலைக்கு, பங்கை வாங்கும் உரிமையான கால் 36, விற்கும் உரிமையான புட் 36. இரண்டையும் சேர்த்து வாங்கும் ஸ்ட்ராடில் 72. ஆகவே எக்ஸ்பைரிக்குள் 7.2 சதவீத நகர்வைச் சந்தை எதிர்பார்க்கிறது என்பார்கள். அந்தச் சொற்றொடரில் தவறில்லை, அதைப் பலரும் புரிந்துகொள்ளும் விதத்தில்தான் தவறு இருக்கிறது.

"சந்தையே 7 சதவீதம் என்கிறது, எனவே குறைந்தது 7 சதவீதமாவது நகரும். நல்ல முடிவு வந்தால் 15 சதவீதம்கூடப் போகும்" என்று என்னிடம் வாதிட்டவர்கள் ஏராளம். தயவுசெய்து இந்த "குறைந்தது" என்ற சொல்லை விட்டுவிடுங்கள். ஸ்ட்ராடில் விலை என்பது, பங்கு மேலே போனாலும் கீழே போனாலும் அது நகரக்கூடிய தூரத்தின் சராசரி. திசையைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை, குறைந்தபட்சம் இவ்வளவு என்று உறுதியளிப்பதும் இல்லை. சராசரி என்பதிலேயே இன்னொரு நுணுக்கமும் உண்டு. அரிதாக வரும் பெரிய நகர்வுகள் சராசரியை மேலே இழுத்துவிடுகின்றன. அதனால் பெரும்பாலான தடவைகளில் நகர்வு சராசரிக்குக் கீழேதான் முடியும். வழக்கமான மணி வடிவப் பரவலை வைத்துக் கணக்கிட்டால், 100 தடவைகளில் சுமார் 58 தடவை பங்கு ஸ்ட்ராடில் காட்டும் எல்லைக்குள்ளேயே நின்றுவிடும். மீதி 42-இலும் மேல்நோக்கித் தாண்டுவது பாதிதான். ஆகவே எதிர்பார்க்கும் நகர்வு முழுவதும் உங்களுக்குச் சாதகமான பக்கத்தில் வருவதற்கே ஐந்தில் ஒரு பங்கு வாய்ப்புதான் இருக்கிறது. அதையே குறைந்தபட்சம் என்று எடுத்துக்கொண்டு அதற்கு மேல் இலக்கு வைப்பவர், எந்த ஆதாரமும் இல்லாத இடத்தில் இலக்கு வைக்கிறார்.

எதிர்த் திசையிலும் ஒரு தவறு உண்டு. அந்த எல்லையை யாரும் தாண்ட முடியாத மதிலாக நினைத்து, அதற்குச் சற்று வெளியே ஆப்ஷனை விற்றுவிட்டு நிம்மதியாக உறங்குபவர்கள் இருக்கிறார்கள். இரு பக்கமும் சேர்த்து 100-க்கு 42 தடவை தாண்டும் ஓர் எல்லைக்கு மதில் என்று பெயர் வைக்க முடியாது. முடிவு நாட்களில் பங்குகள் மணி வடிவப் பரவல் சொல்வதைவிட அடிக்கடி மிகப் பெரிய தாவல்களைச் செய்யும் என்பதையும் விற்பவர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

சரி, அந்த 72 முழுவதும் முடிவுக்கான விலையா? இல்லை. முடிவு ஒரு நாளில் வந்துவிடுகிறது. எக்ஸ்பைரி வரை மிச்சமுள்ள 8 சாதாரண நாட்களின் ஏற்ற இறக்கமும் அதே விலைக்குள் அடங்கியிருக்கிறது. அதைப் பிரித்தெடுக்காமல் நாளைக் காலைக்கான இலக்கை வைக்க முடியாது. பிரிக்கும்போது நேரடியாகக் கழிக்கக் கூடாது என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது, ஏனென்றால் ஏற்ற இறக்கங்கள் அப்படியே கூடுவதில்லை, அவற்றின் வர்க்கங்கள்தாம் கூடுகின்றன.

முதலில் 72-ஐ 1.25-ஆல் பெருக்கினால் 90 வரும். அது 9 சதவீதம். இதைத்தான் திட்ட விலக்கம் என்கிறோம், மணி வடிவப் பரவலில் சராசரி நகர்வு இதில் சுமார் 0.8 பங்கு. பங்கு இதற்குள் நிற்க 68 சதவீத வாய்ப்பு உண்டு. 9-இன் வர்க்கம் 81. அடுத்து, முடிவு எதுவும் அருகில் இல்லாத காலங்களில் இந்தப் பங்கின் இம்ப்ளைட் வாலட்டிலிட்டி, அதாவது ஆப்ஷன் விலைக்குள் அடங்கியிருக்கும் ஏற்ற இறக்கம், எவ்வளவு என்று பாருங்கள். அது ஆண்டுக்கு 24 சதவீதம் என்றால், ஓராண்டு வர்த்தக நாட்களின் வர்க்கமூலமான சுமார் 16-ஆல் வகுக்க ஒரு நாளைக்கு 1.5 சதவீதம் கிடைக்கும். அதன் வர்க்கம் 2.25, எட்டு நாட்களுக்கு 18. 81-இலிருந்து 18 போக 63. அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 7.9. இது முடிவு நாளுக்கு மட்டுமான திட்ட விலக்கம். அதை மீண்டும் 0.8-ஆல் பெருக்கினால் 6.3 சதவீதத்தைச் சற்றுத் தாண்டும், அதாவது சுமார் 64 புள்ளிகள். நாளைக் காலைக்கு எதிர்பார்க்கும் நகர்வு இந்த 64தான், 72 அல்ல. எட்டுச் சாதாரண நாட்களின் ஸ்ட்ராடில் விலையான 34-ஐ 72-இலிருந்து நேரடியாகக் கழித்துவிட்டு 38 என்று சொல்பவர்களையும் பார்த்திருக்கிறேன். அவர்கள் முடிவின் அளவைப் பாதிக்கு அருகே குறைத்துவிடுகிறார்கள்.

இனி அந்தப் புகாருக்கு வருவோம். இதே பங்கில் ஒருவர் 1080 கால் ஒன்றை 9-க்கு வாங்குகிறார். அவருடைய இலக்கு, பங்கு 1150, கால் 70-க்கு மேல். காகிதத்தில் போட்ட பணம் ஏறத்தாழ எட்டு மடங்காகிறது, அதனால்தான் ஆசை. ஆனால் முடிவு நாளின் திட்ட விலக்கம் 7.9 சதவீதம் எனும்போது, மறுநாள் 15 சதவீதம் ஏறுவதற்கு மேற்படி பரவலின்படி 100-க்குச் சுமார் 3 தடவைதான் வாய்ப்பு. அதை அவர் "நியாயமான இலக்கு" என்று எழுதி வைத்திருந்தார்.

முடிவு நன்றாகவே வந்தது. பங்கு 1050-இல் திறந்தது, 5 சதவீத ஏற்றம். திசை சரி, அளவும் மோசமில்லை. கால் ஆப்ஷனின் விலை சுமார் 6.5. வாங்கியது 9. முடிவு வெளியானதும் அந்த நாளுக்கான ஏற்ற இறக்கம் விலையிலிருந்து நீங்கிவிட்டது. மிச்சமிருப்பது எட்டுச் சாதாரண நாட்களின் அசைவு மட்டுமே, ஸ்ட்ரைக் இன்னும் 30 புள்ளிகள் மேலே இருக்கிறது. இதில் மர்மம் ஏதும் இல்லை. எதிர்பார்க்கும் நகர்வு முழுவதுமே வந்து பங்கு 1064-ஐத் தொட்டிருந்தாலும் அந்தக் கால் 11 அளவில்தான் நின்றிருக்கும். அதாவது ஐந்தில் ஒரு தடவை மட்டுமே வாய்க்கும் நல்ல விளைவு வந்தால்கூட 9 வெறும் 11 ஆகிறது.

அதே பார்வையோடு 1000 காலை 36-க்கு வாங்கியவருக்கு அதே 1050-இல் கால் 53-க்கு அருகில் வரும். பங்கு 50 புள்ளி இறங்கியிருந்தால் அவர் ஏறக்குறைய முழுவதையும் இழந்திருப்பார், அதை மறைக்க விரும்பவில்லை. 1000 காலை வாங்கி 1080 காலை விற்றால் செலவு 27. பங்கு 1050-க்கு வரும்போது அதன் மதிப்பு சுமார் 46. எதிர்பார்க்கும் நகர்வுக்கு வெளியே இருக்கும் பகுதியை விற்றுவிட்டு உள்ளே இருக்கும் பகுதியை வைத்துக்கொள்கிறோம், எண்கள் சொல்லும் வாய்ப்போடு இது ஒத்துப்போகிறது. என் தனிப்பட்ட கருத்து, முடிவுக்கு முன் திசை பற்றி உறுதியான எண்ணம் இருப்பவர்கள் இந்த வடிவத்திலேயே நிற்பது நல்லது. இந்த எடுத்துக்காட்டில் இலக்கை 1040-க்கும் 1064-க்கும் இடையில் வையுங்கள். அதற்கு மேல் வந்தால் அது எதிர்பாராத வரவு, அதை நம்பி வர்த்தகத்தின் அளவைத் தீர்மானிக்காதீர்கள்.

ஆப்ஷனே தொடாமல் பங்கை மட்டும் வைத்திருப்பவர்களும் இந்த எண்ணைப் பார்க்க வேண்டும். 64 புள்ளி நகரக்கூடிய இரவுக்கு 30 புள்ளி கீழே ஸ்டாப்லாஸ் வைப்பதில் பொருளே இல்லை. பங்கு 930-இல் திறந்தால் 970-இல் வைத்த ஸ்டாப்லாஸ் ஆர்டர் சந்தை விலையில், அதாவது 930-ஐ ஒட்டித்தான் நிறைவேறும். 970-ஐ அது பார்க்கவே பார்க்காது. அந்த இரவின் இழப்பைக் கட்டுப்படுத்த ஒரே வழி, பங்குகளின் எண்ணிக்கையை முன்கூட்டியே குறைப்பது. உங்கள் கணக்கில் ஒரு திட்ட விலக்கமான சுமார் 80 புள்ளி இழப்பைத் தாங்க முடியுமா என்று பாருங்கள், பிறகு 160-க்கும் அதே கேள்வியைக் கேளுங்கள்.

எண்ணை எடுக்கும் விதத்திலும் அலட்சியம் கூடாது. கடைசியாக வர்த்தகமான விலையை வைத்துக் கணக்கிடாதீர்கள், அது ஒரு மணி நேரத்துக்கு முந்தையதாக இருக்கலாம். வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுப்புள்ளியை எடுங்கள். அந்த இடைவெளியே காலில் 4, புட்டில் 4 என்று அகன்றிருந்தால் 72 என்பது 68-ஆகவும் இருக்கலாம், 76-ஆகவும் இருக்கலாம். அப்போது தசமப் புள்ளி வரை இலக்கு எழுதுவது வீண். பங்கு 1000-க்குப் பதிலாக 1012-இல் இருந்து, 1000-க்கும் 1020-க்கும் மட்டுமே ஸ்ட்ரைக் இருந்தால், இரண்டு ஸ்ட்ராடில்களையும் பார்த்து இடைப்பட்ட மதிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரத்துக்கு முன் குறித்து வைத்த எண்ணை முடிவு நாளில் பயன்படுத்தாதீர்கள். அன்று சந்தை மூடும் முன் கடைசி அரை மணி நேரத்தில் மீண்டும் எடுங்கள். முடிவுக்குப் பிறகான முதல் எக்ஸ்பைரியைத்தான் பார்க்கிறீர்களா என்பதையும் சரிபாருங்கள். முடிவு வெளியாகும் முன்பே முடிந்துபோகும் எக்ஸ்பைரியை எடுத்துக்கொண்டு "எதிர்பார்க்கும் நகர்வு 2 சதவீதம்தான், பிரீமியம் மலிவு" என்று குதூகலித்தவர்களும் உண்டு.

இந்தப் பங்கு கடந்த எட்டு முடிவுகளில் முந்தைய நாள் மூடிய விலையிலிருந்து மறுநாள் மூடும் வரை எவ்வளவு நகர்ந்தது என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். அவற்றின் சராசரி 4 சதவீதமாகவும் இன்றைய எண் 6.3 ஆகவும் இருந்தால், முதலில் பிரீமியம் அதிகம் என்று முடிவுகட்டாதீர்கள். தலைமை மாற்றம், நிலுவையில் உள்ள வழக்குத் தீர்ப்பு, இணைப்பு அறிவிப்பு என்று இந்த முறை கூடுதலாக ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். எட்டு எண்கள் மிகச் சிறிய மாதிரி. அவற்றில் ஒன்று 14 சதவீதமாக இருந்தால் சராசரி முழுவதையும் அது ஒன்றே திருப்பிவிடும், எனவே எட்டையும் தனித்தனியாகப் பாருங்கள்.

மறுநாள் காலையில் பழைய இலக்கைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருக்காதீர்கள். 64 என்ற எண் அந்த ஒரு தாவலுக்கானது, சந்தை திறந்தவுடன் அதன் ஆயுள் முடிந்துவிடுகிறது. பங்கு 1050-இல் திறந்திருந்தால், 1064-க்கு இன்னும் 14 புள்ளிதானே என்று கணக்குப் போடாமல், புதிதாக 1050 ஸ்ட்ராடிலின் விலையைப் பாருங்கள். நம் எடுத்துக்காட்டில் அது 36-ஐ ஒட்டி இருக்கும். அடுத்த எட்டு நாட்களுக்கு இரு பக்கமும் எதிர்பார்க்க வேண்டிய தூரம் அந்த 36தான், வைத்திருப்பதா விற்பதா என்பதை அதை வைத்து முடிவு செய்யுங்கள்.