கடையில் ஒத்துப்போன பச்சை, வீட்டில் பிரிந்தது ஏன்?

ஹட்டனில் இருக்கும் என் அக்கா, புதுக் கர்ட்டன் துணியில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு துண்டு வெட்டிக்கொண்டு பெயின்ட் கடைக்குப் போனார். சாம்பல் கலந்த இலைப்பச்சை. கடை டியூப்லைட்டின் கீழ் துணியும் நிற அட்டையும் அச்சு அசலாக ஒன்றாக இருந்தன. சுவர் பூசி முடித்து, இரவில் முன்னறையின் குண்டு பல்பைப் போட்டால் சுவர் பச்சையாகவே நிற்கிறது, கர்ட்டன் மட்டும் பழுப்பேறிக் கிடக்கிறது.

"வேற டின்னைக் குடுத்து ஏமாத்திட்டான்" என்றார். கடைக்காரர் மேல் பிழையில்லை.

நம் கண்ணில் நிறம் பார்க்கும் கூம்புச் செல்கள் மூன்றே வகை. எந்த ஒளி வந்தாலும் மூளைக்குப் போவது அந்த மூன்றின் கணக்குத்தான். ஆகவே வேறு வேறு கலவையான ஒளிகள்கூட ஒரே கணக்கைத் தந்துவிட்டால், ஒரே நிறமாகத் தெரியும். துணிக்கு ஏறியது சாயம், சுவரில் இருப்பது நிறமித்தூள். இரண்டும் பச்சைதான், ஆனால் ஒளியைத் திருப்பி அனுப்பும் விதம் வேறு. பல துணிச் சாயங்கள் பச்சையோடு சேர்த்து ஆழ்சிவப்பையும், அதாவது 650 நானோமீட்டருக்கு மேற்பட்ட ஒளியையும், தாராளமாகத் திருப்பி அனுப்பும். அக்காவின் சுவரில் பூசியது அதை விழுங்கிவிடும் வகை.

டியூப்லைட்டின் ஒளி நீலம், பச்சை, செம்மஞ்சள் என்று சில குறுகிய முனைகளில் குவிந்திருக்கும். ஆழ்சிவப்பு அதில் மிகக் குறைவு. துணி திருப்பி அனுப்ப அங்கே ஒன்றுமில்லாததால் வேறுபாடு ஒளிந்துகொண்டது. குண்டு பல்பில் சிவப்புத்தான் கொள்ளை. வீட்டுக்கு வந்ததும் குட்டு வெளிப்பட்டது. இதற்கு மெட்டமெரிசம் என்று பெயர். சாதாரண எல்இடி பல்பு மஞ்சளாக எரிந்தாலும் அதில் ஆழ்சிவப்பு குறைவு. எனவே மஞ்சள் வெளிச்சம் எல்லாம் ஒன்றென்று நம்பக்கூடாது.

மறுபடி முயன்றபோது துணியை நான்காக மடித்தோம், பின்னாலிருக்கும் வெள்ளை ஊடுருவித் தெரிந்து நிறத்தை வெளுக்கவிடாமல் இருக்க. கடையில் நிறம் அளக்கும் கருவி இருந்தது. அதன் கணினி ஒரே நிறத்துக்குப் பல கலவைகள் காட்டும். பகல் ஒளி, குண்டு பல்பு இரண்டிலும் விலகல் குறைந்ததைத் தேடச் சொன்னோம். மூன்று கலவைகளைச் சின்ன டின்களில் வாங்கி, பெரிய அட்டைகளில் இரண்டு கை பூசி, நன்றாகக் காயவிட்டோம். ஈரமாக இருக்கும் எமல்ஷனைப் பார்த்து முடிவெடுக்கவே கூடாது, காய்ந்தால் பொதுவாக ஒரு சாயல் கறுக்கும்.

அட்டைகளைச் சுவரில் நிமிர்த்திச் சாத்தி, துணியை விளிம்போடு ஒட்டவைத்துப் பார்த்தோம். பனிமூட்டக் காலையில் இரண்டாம் அட்டை பொருந்தியது. வெயில் வந்ததும் ஜன்னலுக்கு எதிரே உள்ள தேயிலைச் சரிவின் பச்சை அறைக்குள் தெறித்து, எல்லாமே கொஞ்சம் பச்சையேறின. இரவில் மூன்றாவதுதான் கர்ட்டனோடு கலந்தது.

எல்லா வெளிச்சத்துக்கும் பொருந்துவது ஒன்றும் கிடைக்கவில்லை. அக்கா பகலெல்லாம் பள்ளிக்கூடத்தில் படிப்பிப்பவர். அந்த அறையில் அவர் உட்காருவது ஆறு மணிக்குப் பிறகு. மூன்றாவதைப் பூசினார்.